‘நேத்து என்ன பார்த்தோம்?’

மணி அடித்து ஆசிரியர் உள்ளே வந்ததும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். ‘பின்னம் சார்!’ என்று வகுப்பே கத்தும். முதல் பெஞ்சில் இரண்டு பேர் எழுந்து ஒப்பிப்பார்கள். பிறகு ஆசிரியரே நேற்றைய பாடத்தை மறுபடி சொல்லி முடிப்பார். நாற்பது நிமிட பீரியடில் பத்து நிமிடம் போயிருக்கும். கடைசி பெஞ்சுக்கு என்ன நினைவிருக்கிறது என்பது அப்போதும் தெரியாது.

நேற்றைய பாடத்திலிருந்து தொடங்கினால் அதில் எதை விடுவது என்றே தெரியாது. இன்றைய பாடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் தேவைப்படுவது கொஞ்சம்தான். ஆறாம் வகுப்பில் இன்று வேற்றினப் பின்னங்களைக் கூட்டப் போகிறோம், நேற்று சமான பின்னங்கள் நடத்தினோம் என்று வைத்துக்கொள்வோம். நேற்று வரைந்த படங்கள், எண்கோடு எதுவும் இப்போது வேண்டாம். அரையை ஆறில் மூன்றாக மாற்றத் தெரிந்தால் போதும். அதனால் பிள்ளைகள் உட்காருமுன் கரும்பலகையில் மூன்றே வரி:

1/2 = ?/6
3/6 + 2/6 = ?
1/2 + 1/3 = ?

பழைய பக்கத்தைப் புரட்டக் கூடாது, பக்கத்தில் கேட்கக் கூடாது, நான்கு நிமிடம். வருகைப் பதிவேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் அந்த நேரத்தில் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து நோட்டுகளைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு இன்னும் நடத்தாதது. மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி, பலர் 2/5 என்று எழுதியிருப்பார்கள். யார் எழுதியது என்று சொல்லாமல் அதைப் பலகையில் போட்டு, ‘அரைத் தோசை சாப்பிட்டேன், மேலே இன்னொரு துண்டும் சாப்பிட்டேன். மொத்தம் அரையைவிடக் குறைஞ்சிடுச்சே, எப்படி?’ என்று கேட்கலாம். அரை என்பது பத்தில் ஐந்து. 2/5 என்பது பத்தில் நான்குதான். பிள்ளைகள் விழிக்கும்போதே இன்றைய பாடம் தொடங்கிவிட்டது. வழியும் முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது.

சொல்லிக் கேட்பதைவிட எழுத வைப்பது ஏன் மேல்? ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள். ஆசிரியர் மறுபடி சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவதை நம்ப முடியாததும் இதனால்தான்.

நேற்று வராத பிள்ளைக்கு முதல் வரியே புதிது. பலகையின் ஓரத்தில் 1/2 = 2/4 என்று ஒரு மாதிரி இருந்தால் அவனும் முயல்வான். ஆனால் நடந்து பார்க்கையில் மூன்றில் ஒரு பங்குப் பேராவது முதல் வரியிலேயே தடுமாறினால், வேற்றினப் பின்னத்தை நாளைக்குத் தள்ளிவிட்டு, இன்றைய பீரியடை அந்த முதல் வரிக்கே கொடுத்துவிடலாம்.