வாய்க்குள் போகும் பொம்மைகள்

கைக்குழந்தைக்கு வாங்கும் கிலுகிலுப்பை விளையாடுவதைவிட அதிகமாகக் கடிபடுகிறது. பல் கடிப்பான் அதற்கென்றே செய்யப்பட்டது. எனவே இந்தப் பொருட்களில் முதலில் பார்க்க வேண்டியது, கழன்று தொண்டையில் சிக்கக்கூடிய பாகம் ஏதும் உண்டா என்பதே.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளை ஆய்வகத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளையில் போட்டுப் பார்க்கிறார்கள். முழுவதுமாக உள்ளே அடங்கிவிடும் எந்தப் பாகமும் ஆபத்தானது. இதை வீட்டிலேயே செய்யலாம். 10 சென்டிமீட்டர் நீளமும் 5.7 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டையைச் சுருட்டி, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டினால் ஏறக்குறைய அதே விட்டம் கிடைக்கும். உருளையின் ஆழம் ஒரு பக்கம் குறைந்து சரிவாக இருப்பதால், அட்டைக்குழாய் கொஞ்சம் கடுமையான சோதனை. குழந்தைக்கு அது நல்லதுதான். ஆனால் பொம்மையை முழுதாக அளந்தால் போதாது. கிலுகிலுப்பையின் மூடியைத் திருகி, கண்ணையும் மூக்கையும் பிடித்து இழுத்து, ஒட்டிய இணைப்பை நகத்தால் நெம்பிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் மணிகள் எப்போதுமே குழாய்க்குள் அடங்கும். அதனால் இணைப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்தப் பொம்மையை ஒதுக்கிவிட வேண்டும்.

வாசனையை நம்புவதற்கு ஓர் எல்லை உண்டு. பையைப் பிரித்ததும் பெயின்ட் போலவோ புது ரெக்சின் போலவோ கடுமையாக நெடியடித்து, சோப்பு நீரில் கழுவிக் காற்றாட வைத்த பிறகும் அது போகாவிட்டால் பொம்மை வேண்டாம். நெடி இல்லை என்பதால் மட்டும் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளுக்கு வாசனை மிகக் குறைவு. அவை பிளாஸ்டிக்குடன் வேதிப் பிணைப்பில் இல்லாததால், சப்பும்போது எச்சிலில் கசியும். ‘பி.பி.ஏ. இல்லை’ என்ற வாசகம் இதற்குப் பதிலாகாது. பி.பி.ஏ. பெரும்பாலும் பாலிகார்பனேட்டுடன் தொடர்புடைய வேறு பொருள். முக்கோணத்துக்குள் 3 என்ற எண் இருந்தால் பி.வி.சி.; 5 என்றால் பாலிபுரொப்பிலீன். கடிப்பதற்கு 3 வேண்டாம்.

பெயின்டை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்கலாம். சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டாவிட்டாலும் ஈயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஈயத்தைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க வழியில்லை. மேலே பூசியதைவிட, பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்த பொம்மை மேல். அதில் உரிந்து வர ஏடு இல்லை.

ஈயக் கசிவுக்குச் சோதனை முத்திரைதான் ஆதாரம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரம் இல்லாத பொம்மையில் முத்திரைக்கு மேலே IS 9873 என்றும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாக அச்சடிப்பது எளிது என்பதால் எண்ணையும் சரிபார்ப்பது நல்லது. BIS Care செயலியில் அதைத் தட்டினால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரியும். அந்தப் பெயரும் பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் பொருந்தாவிட்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்தப் பொம்மையை வாங்கக் கூடாது.