நெபுலைசர் கிண்ணம் காயும் நேரம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சின்ன கிளினிக்குகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நெபுலைசரின் உறுமல் ஓயாது. இளைப்போடு வந்த பிள்ளை அம்மா மடியில் உட்கார்ந்து, மாஸ்க் வழியாகப் பத்து நிமிடம் மருந்துப் புகையை இழுக்கும். அது எழுந்ததும் அடுத்த பிள்ளை உட்காரும். இயந்திரம் ஒன்றுதான். மாஸ்க்கும், மருந்து ஊற்றும் சின்னக் கிண்ணமும் முகத்துக்கு முகம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றம் எப்படி நடக்க வேண்டும் என்பதை எழுதி வைப்பதற்குத்தான் நான் கிளினிக் கிளினிக்காகப் போகிறேன். நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் நானும் இதைச் சரியாகச் செய்ததில்லை. அந்த உறுத்தலும் என்னோடு வருகிறது.

நான் போன ஒரு கிளினிக்கில் ஒரு மருத்துவர், ஒரு நர்ஸ், ஓர் ஆயாம்மா. மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை மட்டும் திறந்திருக்கும். நெபுலைசருக்கு மூன்று செட் வைத்திருந்தார்கள்.

"ஒருத்தருக்கு வெச்சதை அடுத்தவங்களுக்கு எப்படி வைப்பீங்க, சிஸ்டர்?"

"மருந்துத் தண்ணில முக்கி எடுத்துத் துடைச்சுட்டுத்தான் வைப்போம், மேடம். சும்மா வைக்க மாட்டோம்."

உண்மையைத்தான் சொன்னார். சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது: 'உபயோகித்தபின் நன்றாகச் சுத்தம் செய்து உலர வைக்கவும்.' இந்த வாக்கியத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒருவர் வேலையைச் செய்தாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 'நன்றாக' என்றால் எவ்வளவு? எதைக்கொண்டு? எவ்வளவு நேரம்? யார்?

பொதுவில் புழங்கும் மருத்துவக் கருவிகளை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க, ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். கருவி உடம்பில் எதைத் தொடுகிறது என்பதுதான் அதன் கேள்வி. காயமில்லாத தோலை மட்டும் தொடும் பிபி பட்டையையும் ஸ்டெதஸ்கோப்பையும் அழுக்குப் போகத் துடைத்து, கிருமிநாசினி தடவினால் போதும். தோலைக் கிழித்துத் திசுவுக்குள் போகும் கத்தியும் கத்தரியும் ஆட்டோகிளேவில் வெந்து வர வேண்டும். வாயின் ஈரச் சவ்வையோ மூச்சுப் பாதையையோ தொடுபவை இவை இரண்டுக்கும் நடுவில் வருகின்றன. ஆட்டோகிளேவ் முடியாவிட்டாலும், கிட்டத்தட்ட எல்லாக் கிருமிகளையும் கொல்லும் உயர்நிலைக் கிருமிநீக்கமாவது இவற்றுக்கு வேண்டும். நெபுலைசர் செட் இந்த வகை. முகத்தைத்தானே தொடுகிறது என்று மாஸ்க்கை பிபி பட்டையோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் கிண்ணத்தில் இருப்பது நுண்துளியாகி நேரே நுரையீரலுக்குள் போகிறது. கிண்ணத்தில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும்.

இதில் முக்கியமான எதிரி ஈரம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குழாயிலும் தொட்டியிலும் வடிகாலிலும் சாதாரணமாக வாழ்வது. கிண்ணத்தின் மூலையில் நான்கு சொட்டுத் தண்ணீர் நின்றால் ஒரே இரவில் பெருகிவிடும். மருந்துத் தண்ணீரில் முக்கி ஈரத்தோடு மூடி வைத்த கிண்ணம், பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும், காலையில் முந்தின இரவைவிட மோசமாக இருக்கக்கூடும்.

அந்தக் கிளினிக்கில் மூன்று பேரும் கூட உட்கார்ந்து படிகளை எழுதினோம். எழுதுவதற்கு முன் செட்டின் உறையைப் பார்த்தோம். வட்டத்துக்குள் 2 என்ற எண்ணைக் கோடு போட்டு அடித்திருந்தால் அது ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. அதைக் கழுவிப் பயனில்லை, கொதிக்க வைத்தால் கோணிப்போகும். அலமாரியில் இருந்த மூன்றில் இரண்டு அப்படிப்பட்டவை. கொதிக்க வைக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் செட்டுக்குத்தான் இனி வரும் படிகள்.

முதல் படி, பிள்ளை எழுந்த உடனே செய்ய வேண்டியது. நர்ஸ் காற்றுக் குழாயைப் பிரித்து, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொட்டிவிட்டு, மாஸ்க்கையும் கிண்ணத்தையும் 'பயன்படுத்தியது' என்று எழுதிய மூடி போட்ட டப்பாவில் போட வேண்டும். டப்பாவில் சோப்புத் தண்ணீர் இருக்கும். சளியும் மருந்தும் காய்ந்து ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் கிருமிநாசினியும் அடியில் இறங்காது. முதலில் சிவப்பு டப்பாவைத்தான் எடுத்தார்கள். நான் மாற்றச் சொன்னேன். 2016 ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, கிருமி பட்ட பிளாஸ்டிக் கழிவு போகும் பையின் நிறம் சிவப்பு. அவசரத்தில் யாராவது செட்டைக் கழிவோடு அனுப்பிவிடுவார்கள், அல்லது கழிவை இதற்குள் போட்டுவிடுவார்கள்.

காற்றுக் குழாயைத் தண்ணீரில் போடக் கூடாது. அதற்குள் காய்ந்த காற்று மட்டும்தான் போகிறது, தண்ணீர் புகுந்தால் காய வைப்பது பெரும்பாடு. வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, கிண்ணம் இல்லாமல் குழாயை மட்டும் மாட்டி இயந்திரத்தை ஓரிரு நிமிடம் ஓட விட்டால் உள்ளே வியர்த்த ஈரம் போய்விடும். உள்ளே நிறம் மாறியிருந்தால் குழாயையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது படி, கழுவுவது. இது ஆயாம்மாவின் வேலை, கிளினிக் முடிந்ததும் ஒரே தடவையில். தடித்த ரப்பர் கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, கிண்ணத்தைத் திருகிப் பிரித்து, நடுவில் இருக்கும் குட்டிக் கூம்பையும் தனியே எடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது அந்தக் கூம்பைத்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்கு உள்ளேயே வைத்துச் சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். பிறகு சோப்பு போக அலச வேண்டும். கை கழுவும் தொட்டியில் இதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது படி, கொதிக்க வைப்பது. பிளாஸ்டிக் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் உருகும், மேலே மிதந்தால் வேகாது. அதனால் அடியில் ஒரு இட்லித் தட்டு, மேலே அமுக்கி வைக்க இன்னொன்று. ஆயாம்மா சொன்ன யோசனை இது, நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் மணி பார்க்க வேண்டும். அதிலிருந்து 20 நிமிடம். நடுவில் இன்னொரு செட்டைப் போட்டால் மறுபடி கொதி வந்ததிலிருந்து 20 நிமிடம் எண்ண வேண்டும்.

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். குளூட்டரால்டிஹைடு கரைசல் இருக்கிறதே, அதில் ஊற வைத்தால் என்ன? இரண்டு சதவீதக் கரைசலில் 20 நிமிடம் முழுக்க அமிழ்ந்திருந்தால் உயர்நிலைக் கிருமிநீக்கம் நடக்கும்தான். ஆனால் கலக்கிய கரைசலுக்கு ஆயுள் உண்டு, பல தயாரிப்புகளுக்கு 14 நாள். அதற்குள்ளும் வீரியம் குறையலாம் என்பதால் சோதனைப் பட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாக அலசாத கிண்ணத்தில் அது ஒட்டியிருந்தால் ஏற்கெனவே இளைக்கும் பிள்ளையின் நுரையீரலுக்குத்தான் போகும். நெபுலைசருக்கு என்னைக் கேட்டால் கொதிநீர்தான்.

நான்காவது படிதான் எங்களை நிறுத்தியது. இடுக்கியால் எடுத்து உதறி, சுத்தமான துணி விரித்த தட்டில் கவிழ்த்து, தானாகக் காய விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் மறுபடி அலசக் கூடாது, துண்டால் துடைக்கவும் கூடாது. இரண்டுமே போன கிருமியைத் திரும்பக் கொண்டுவரும். சரி, எவ்வளவு நேரத்தில் காயும்? ஒரு செட்டைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தோம். வெளியே மழை. இரண்டு மணி நேரம் கழித்தும் கூம்பின் இடுக்கில் தண்ணீர் மினுங்கியது.

அப்படியென்றால் ஒரு செட்டை ஒரு மாலையில் ஒருவருக்கு மேல் கொடுக்கவே முடியாது. மூன்று செட் இருக்கும் கிளினிக்கில் நான்காவது பிள்ளை வந்தவுடன் எந்தச் செயல்முறையும் உடைந்துதான் போகும். அந்த நர்ஸ் மருந்துத் தண்ணீரில் முக்கியதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அவர் கையில் செட் இல்லை, எதிரே பிள்ளை இளைத்துக்கொண்டிருந்தது.

அதனால் பதிவேட்டை எடுத்து முந்தின ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைப் புரட்டினோம். ஒரே மாலையில் அதிகபட்சமாக ஏழு பேருக்கு நெபுலைசர் வைத்திருந்தார்கள். சிலருக்கு இரண்டு முறை, ஆனால் அவரவருக்கு அவரவர் செட்டே போதும். ஏழு பேருக்கு ஏழு செட், அதோடு கீழே விழுவதற்கும் உடைவதற்கும் இரண்டு. ஒன்பது செட் வாங்குவதென்று மருத்துவர் அங்கேயே முடிவு செய்தார். அடிக்கடி இளைப்பு வரும் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதென்றும் எழுதினோம். அப்படிச் செய்தால் பொதுச் செட்டின் சுமையும் குறையும்.

ஐந்தாவது படி, எடுத்து வைப்பது. காலையில் கிண்ணத்தை உலர்ந்த டிஷ்யூ தாளில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். தாளில் ஈரப் புள்ளி விழுந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காய்ந்ததை, கை கழுவிவிட்டு, காகிதக் கவரில் போட்டுத் தேதி எழுத வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கினால் மிச்ச ஈரம் வெளியேற வழியில்லை. கவர்கள் கதவு உள்ள அலமாரியின் மேல்தட்டில் இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அல்ல. கவர் நனைந்தாலோ கிழிந்தாலோ, பயன்படுத்தியதாகவே கருதி மறுபடி முதல் படி.

ஒரு மாதம் கழித்துப் போனபோது டப்பாவும் இட்லித் தட்டும் கவர்களும் இருந்தன. ஆனால் மருந்து மேசையில் பொதுவான ஒரு சலைன் பாட்டில், ரப்பர் மூடியில் ஊசி குத்தியபடியே நின்றது. எல்லாப் பிள்ளைகளின் மருந்தையும் கலக்குவது அதிலிருந்துதான். கொதித்துக் காய்ந்த ஒன்பது கிண்ணத்துக்கும் ஒரே பாட்டிலிலிருந்து கிருமி போக அந்த ஊசி போதும். ஒரு வேளைக்கு மட்டும் வரும் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளுக்கு மாறுவதென்று ஆறாவது படியைச் சேர்த்தோம். ஒரு குப்பி, ஒரு பிள்ளை, மிச்சம் குப்பைக்கு.

பதிவேட்டில் தேதி, எத்தனை செட், கொதி தொடங்கிய மணி, எடுத்த மணி, கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் மட்டும் கட்டங்கள் காலி. குறுக்கே எழுதியிருந்தது: 'கேஸ் தீர்ந்தது. 4 செட் வேகவில்லை. டப்பாவிலேயே இருக்கிறது.' மறுநாள் வரிசையில் அந்த நான்கும் சேர்ந்து வெந்திருந்தன. ஆயாம்மாவிடம் அதைக் காட்டினேன்.

"வேகாததை வெந்ததுன்னு எப்படிம்மா எழுதுறது? மறுநாள் சிஸ்டர் அதை நம்பித்தானே எடுப்பாங்க."

அன்று தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்தோம்: 'கவரில் செட் தீர்ந்துவிட்டால் அலமாரியின் மேல்மூலையில் இருக்கும் சீல் பிரிக்காத புதுச் செட்டைப் பிரிக்கவும். டப்பாவிலிருந்து எடுக்கக் கூடாது.'