தள்ளுபடியை மூடலாம், பணச் செய்தியை மூடலாமா?

மாணவர்களே, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துவிட்டு, கியூஆர் குறியீடு வழியாக மின்பணப்பையில் பணம் செலுத்துகிறீர்கள். "2 ரிங்கிட் செலுத்தப்பட்டது" என்று கைப்பேசி உடனே சொல்கிறது. அதே செயலி நாள் முழுவதும் தள்ளுபடிச் செய்திகளையும் அனுப்புகிறது. எரிச்சலில் எல்லா அறிவிப்புகளையும் மூடிவிட்டால், வேறு யாராவது உங்கள் பணத்தை எடுத்தாலும் உடனே தெரியவராது.

2017இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8 இதற்கு வழி செய்தது. அதில் செயலி தன் அறிவிப்புகளை வகை பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு வகைக்கும் தனிச் சுவிட்ச் உண்டு. நீங்கள் மூடிய வகையைச் செயலியால் திறக்க முடியாது.

தள்ளுபடிச் செய்தி வந்ததும் அதைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். Promotions போன்ற வகைப்பெயர் தெரியும். பணச் செய்தியிலும் அப்படியே பாருங்கள். பெயர்கள் வேறானால் தள்ளுபடி வகையை மட்டும் அணையுங்கள்.

இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் அணைக்காதீர்கள். பணச் செய்தியும் சேர்ந்து நின்றுவிடும். அப்போது செயலிக்குள் இருக்கும் அமைப்புகளில் தேடுங்கள். ஐபோனில் இந்த வகைச் சுவிட்சுகள் இல்லாததால், அங்கும் செயலிக்குள்தான் தேட வேண்டும்.

முடித்ததும் வீட்டில் ஒருவருக்கு 1 ரிங்கிட் அனுப்பிப் பாருங்கள். செய்தி வந்தால், சரியான சுவிட்சைத்தான் அணைத்திருக்கிறீர்கள்.