துரத்தினால் விழுங்கிவிடும்

எங்கள் மணிக்கு அப்போது எட்டு மாதம், மகளுக்கு ஒன்றரை வயது. அமுக்கினால் 'கீச்' என்று கத்தும் துணிக்குரங்குதான் அவளுக்கு உயிர். ஒருநாள் மணி அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடினான். "விடுடா, விடுடா" என்று நான் குனிந்து கையை நீட்டியதும் அவசரமாக எதையோ விழுங்கினான். வயிறு கிழிந்த குரங்கு கைக்குக் கிடைத்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் கீச்சான் கிடைக்கவில்லை.

அன்று இரவு சாதாரணமாகத்தான் இருந்தான். மறுநாள் சோற்றைத் தொடவில்லை. குடித்த தண்ணீரையும் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தான். வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்து முனகினான். எக்ஸ்ரேயில் கீச்சான் தெரியவில்லை; மெல்லிய பிளாஸ்டிக்கும் துணியும் பெரும்பாலும் அதில் தெரியாதாம். ஸ்கேன் பார்த்த பிறகுதான் குடலில் அடைத்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள்.

"துரத்தினீங்களா?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். வாயிலிருப்பதைப் பிடுங்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் பறிகொடுப்பதைவிட விழுங்குவதே மேல் என்று நாய் நினைக்கும். சில நாய்கள் உறுமும். தவழ்ந்து வரும் குழந்தைக்கு அந்த உறுமல் புரியாது. அதற்காக நாயை அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

இப்போது நாங்கள் பண்டமாற்றுதான் செய்கிறோம். தினமும் மணிக்கு அவனுடைய ரப்பர் எலும்பைக் கொடுப்போம். அவன் கவ்வியதும் வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே காட்டி "விடு" என்போம். வாயைத் திறந்ததும் துண்டு அவனுக்கு. அதைத் தின்று முடித்ததும் எலும்பும் திரும்ப அவனுக்கே. விட்டால் நஷ்டமில்லை என்று புரிய இரண்டு வாரமானது. இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், குழந்தை பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

இன்னொரு தவறும் எங்களுடையதே. மணிக்கும் கீச்சென்று கத்தும் துணிப் பொம்மைதான் வாங்கியிருந்தோம். எது தன்னுடையது, எது பாப்பாவுடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இப்போது அவனுக்குக் கெட்டி ரப்பர் மட்டும்தான், அதுவும் வாய்க்குள் முழுசாக அடங்காத அளவில். துணிப் பொம்மைகள் மூடி போட்ட டப்பாவில் இருக்கின்றன. மகள் ஒரு நேரத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்வாள். விளையாடி முடித்ததும் எண்ணி உள்ளே வைப்போம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பாட்டுப் பாடும் பொம்மையின் பொத்தான் பேட்டரி தொண்டைக்குழாயில் சிக்கினால், அரை மணி நேரத்திலேயே அந்த இடம் வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். குழந்தைக்கும் அப்படித்தான். வாந்தியெடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இல்லாத பொம்மையை வாங்கவே வேண்டாம். அடுத்தது, பொம்மையின் நூல். அது நாயின் வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை உள்ளே சிக்கியிருந்தால் குடலையே அறுத்துவிடும்.