கட்டிக்கொள்வது கணவரா, மனைவியா?

தோட்டத்தில் எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டியின் பேத்தி, இன்று ஈப்போவில் இரண்டோடு நிறுத்த நினைக்கிறாள். "பிரசவத்தோடு கட்டிவிடலாமே" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. கணவரும் செய்துகொள்ளலாம் என்பது பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பெண்ணுக்கு, கருமுட்டை வரும் இரண்டு கருக்குழாய்களையும் அடைப்பார்கள் அல்லது அகற்றுவார்கள். இதற்காக வயிற்றுக்குள் செல்ல வேண்டும். பெரும்பாலும் முழு மயக்க மருந்து தேவைப்படும். எப்படியும் சிசேரியன் நடக்கிறது என்றால் அதோடு சேர்த்தே செய்துவிடலாம். சுகப்பிரசவம் என்றால் தனி அறுவை சிகிச்சை.

ஆணுக்கு, விதைப்பையில் சிறு துளையிட்டு விந்துக்குழாயை வெட்டி அடைப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது. ஆண்மை குறையாது, ஹார்மோன் முன்போலவே சுரக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் வெளியேற சுமார் மூன்று மாதம் ஆகும். அதன்பின் விந்துப் பரிசோதனையில் "விந்தணு இல்லை" என்று உறுதியாகும்வரை ஆணுறை போன்ற வேறு கருத்தடை வேண்டும். ஒருவர் பரிசோதனைக்குப் போகாமல் விட்டு, இரண்டாவது மாதமே மனைவி கருவுற்றால், சந்தேகம் அவள் மேல் விழும். தவறோ தவிர்த்த பரிசோதனையில் இருக்கும்.

பரிசோதனைக்குப் பின் ஆண்களில் சுமார் 2,000 பேரில் ஒருவருக்குத்தான் இது தோற்கும். பெண்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு. கட்டிக்கொண்ட பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு பக்க அடிவயிறு வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

"வேண்டுமானால் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்து இறங்கக்கூடாது. இரண்டையும் மீண்டும் இணைக்க முயலலாம். ஆனால் அது நுண்ணிய, செலவான அறுவை சிகிச்சை. குழந்தை பிறக்கும் என்ற உறுதி இல்லை. ஆணுக்கு ஆண்டுகள் கூடக்கூட வாய்ப்பு குறையும். பெண்ணின் குழாயையே அகற்றியிருந்தால் இணைக்க எதுவும் இராது.

அதனால்தான் ஆலோசனை முக்கியம். இந்தியாவில் 1976-77இல் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது, பலர் வற்புறுத்தப்பட்டனர். அந்தப் பயம் பல காலம் நீங்கவில்லை. பிரசவ வலியில் கையெழுத்துப் போடுவதும் நிதானமான முடிவாகாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும் அரசாங்க கிளினிக்கிலேயே, தம்பதியாகவும் தனித்தனியாகவும் முன்கூட்டியே பேசலாம். முப்பது வயதுக்குள் செய்துகொள்பவர்களே பின்னர் அதிகம் வருந்துகிறார்கள். மறுமணமோ, பிள்ளையின் இழப்போ நேர்ந்தால் என்ன நினைப்போம் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். தயக்கம் இருந்தால் கருப்பையில் வைக்கும் சாதனமோ, கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சியோ போதும். எடுத்தால் மீண்டும் கருவுறலாம்.