'ஏதோ சொல்லிட்டேன்' என்று எழுதாதீர்கள்

சண்டை நடந்த மறுநாள் காலை கணவனின் போனிலிருந்து போகும் செய்தி பெரும்பாலான வீடுகளில் ஒரே அச்சில் இருக்கும். "சாரிமா. கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத." இரண்டு நீல டிக் விழும். பதில் வராது. வந்தாலும் 'ம்' என்று ஒற்றை எழுத்து. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவன், அவள் முகம் இன்னும் இறுகியே இருப்பதைப் பார்த்து, "அதான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் என்ன?" என்பான். இரண்டாவது சண்டை அங்கே தொடங்கும்.

சாரி சொன்ன பிறகும் ஏன் ஆறவில்லை? ஒரு தம்பதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கற்பனைத் தம்பதிதான், ஆனால் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர்கள். சென்னைப் புறநகரில் வாடகை வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், கணவனின் அம்மா. மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய வாரத்தில், கணக்கில் 40,000 ரூபாய் குறைவதைக் கணவன் பார்க்கிறான். மனைவி தன் தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள், அவனிடம் சொல்லாமல். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்று ஆரம்பிக்கிறது பேச்சு. குரல் ஏறுகிறது. அவளும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவன் சொல்லிவிடுகிறான்: "கடன்காரன் வீட்டுல வளர்ந்தவதானே நீ? உனக்குப் புத்தி வேற எப்படி இருக்கும்?" சமையலறை வாசலில் நின்ற மாமியார் காதிலும் அது விழுகிறது.

அவள் அப்பா கடனில் மூழ்கியவர். வட்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்றதையும், அப்பா உள்ளே ஒளிந்திருக்க, பள்ளிச் சீருடையில் இருந்த இவள் போய் "அப்பா ஊர்ல இல்ல" என்று பொய் சொன்னதையும், கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி அவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தான். இன்று அதையே எடுத்து அவள் மீது வீசியிருக்கிறான்.

கணவன் மனைவிக்குள் விழும் கொடுஞ்சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. வெளியாள் எவ்வளவு திட்டினாலும் இந்த இடத்தில் குத்த முடியாது. அவனுக்கு இடம் தெரியாது. குழந்தை கலைந்துபோனது, வேலை பறிபோன மாதங்கள், உடம்பைப் பற்றிய கூச்சம், அப்பாவின் குடி என்று நம்பிச் சொன்னவைதான் கோபத்தில் கைக்கு முதலில் எட்டும். மனைவி கணவனைச் சொல்வதும் இதே வகைதான்: "உங்க அண்ணன் பிச்சை போட்டாத்தானே நம்ம வீட்ல அடுப்பு எரியும்!" ஆகவே மறுநாள் அவள் மனதில் ஓடுவது 40,000 ரூபாய் அல்ல. 'நான் சொன்னதை இவன் இதற்காகத்தான் வைத்திருந்தானா?' என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மன்னிப்பு எதுவும் அவளைப் போய்ச் சேராது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் சண்டைகளை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், மணவாழ்வை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார். அவற்றில் மிக ஆபத்தானது என்று அவர் குறிப்பிடுவது கோபத்தை அல்ல, இளக்காரத்தை. அதாவது மேலே நின்றுகொண்டு கீழே பார்த்துப் பேசுவதை. நம் கதையில் "ஏன் கேக்காம கொடுத்த?" என்பது புகார், அதில் நியாயமும் உண்டு. "கடன்காரன் வீட்டுல வளர்ந்தவ" என்பது இளக்காரம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் கணவனின் பெரிய பயம் ஒன்று தீரும். சாரி கேட்டால் பண விஷயத்திலும் நான் தோற்றதாக ஆகிவிடுமே என்றுதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். புகாருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் கேட்க வேண்டும்.

எப்போது எழுதுவது? சண்டை சூட்டில் கூடாது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது சரியாக மண்டையில் ஏறாது என்றும், உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் காட்மன் சொல்கிறார். அந்த 20 நிமிடமும் மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தால் துடிப்பு இறங்காது. மாடியில் நடக்கலாம், பாத்திரம் கழுவலாம். அவசர மன்னிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் சிந்தியா ஃபிரான்ட்ஸ், கோர்ட்னி பெனிக்சன் என்ற இருவர், புண்பட்டவர் தன் மனதில் இருப்பதைச் சொல்லி முடித்து, அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்பே அதிகம் ஆற்றுகிறது என்று கண்டார்கள். ராத்திரி பதினொன்றரைக்கே அனுப்பும் சாரி, 'இனி இதைப் பற்றிப் பேசாதே' என்று வாயை அடைப்பதாகத்தான் அவளுக்குப் படும்.

சரி, மறுநாள் காலை அலுவலகம் போகும் ரயிலில் நம் ஆள் போனை எடுக்கிறான். முதலில் எழுதுவது, தொடக்கத்தில் பார்த்த அதே செய்தி. அதில் 'ஏதோ' என்று இருக்கிறது. அவளுக்கு அது ஏதோ அல்ல. வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. என்ன சொன்னோம் என்று இவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மழுப்புகிறானா என்று அவள் யோசிப்பாள். 'மனசுல வச்சுக்காத' என்பது மன்னிப்பே இல்லை, அவளுக்கு ஒரு வேலை கொடுப்பது.

அதை அழித்துவிட்டு எழுதுகிறான்: "நான் அப்படிச் சொன்னது தப்புதான். ஆனா நீயும் கேக்காம அவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுத்தது..." அந்த 'ஆனா'வுக்கு முன்னால் உள்ளதை அவள் படிக்கமாட்டாள். பண விஷயம் பேசப்பட வேண்டியதே, ஆனால் இந்தச் செய்தியில் அல்ல.

மூன்றாவது எழுதுவது நீளம். "நான் மனுஷனே இல்ல. உனக்கு ஏத்தவன் இல்ல. நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி." பார்க்க உருக்கமாக இருக்கும். மூன்றில் இதுதான் மோசம் என்பேன். இதைப் படிக்கிறவள் தன் வலியை ஓரமாக வைத்துவிட்டு அவனைச் சமாதானப்படுத்த ஓட வேண்டும். காயம் அவளுக்கு, ஆறுதல் அவனுக்கு.

எந்தப் பகுதி மன்னிப்பில் அதிகம் எடுபடுகிறது என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 700-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்ததில், 'தவறு என்னுடையது' என்று ஒப்புக்கொள்வது முதலிடம் பிடித்தது. நேர்ந்ததைச் சரிசெய்ய முன்வருவது அடுத்தது. 'மன்னித்துவிடு' என்று கேட்பதற்குக் கடைசி இடம். சோதனையில் கொடுத்தது அலுவலகச் சூழல், தாம்பத்தியம் அல்ல. அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் நம் வீடுகளில் நடப்பதோடு இது ஒத்துப்போகிறது. நாம் கடைசி இடத்தில் இருப்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், முதல் இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

இவ்வளவையும் மனதில் வைத்து அவன் எழுதினால் இப்படி வரலாம்:

"நேத்து உன்னைக் கடன்காரன் வீட்டுல வளர்ந்தவன்னு சொன்னேன். உங்க அப்பாவைப் பத்தி நீ என்னை நம்பிச் சொன்னதை எடுத்து உன் மேலயே வீசிட்டேன். அதுவும் எங்கம்மா காதுல விழற மாதிரி. கோவம்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன், சொன்னது நான்தான். நீ அந்த வயசுல வாசல்ல நின்னு தாங்கினதுக்கு நான் தலை வணங்கணும், அதைப் போய்ச் சொல்லிக்காட்டினேன். இனிமே எந்தச் சண்டையிலயும் உங்க அப்பா பேச்சை எடுக்க மாட்டேன். அம்மாகிட்ட நான் பேசினது தப்புன்னு இன்னிக்கு உன் முன்னாடியே சொல்றேன். இதுக்கு நீ பதில் போடணும்னு இல்ல. உனக்குப் பேசணும்னு தோணும்போது சொல்லு, குறுக்கே பேசாம கேக்குறேன்."

சொன்ன வாக்கியம் அப்படியே இருக்கிறது. அது ஏன் வலித்தது என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. வாக்குறுதி சின்னது, அதனால் காப்பாற்றக்கூடியது. 'இனி கோபமே பட மாட்டேன்' என்று எழுதியிருந்தால் அது வாரக் கடைசி வரைகூடத் தாங்காது. பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிக்கும்படி நெருக்குதலும் இல்லை.

இதில் அம்மாவைப் பற்றிய வரி கூட்டுக் குடும்பத்துக்கே உரியது, பலரும் மறப்பதும் அதைத்தான். நாலு பேர் கேட்கச் சொன்னதை அறைக்குள் மன்னிப்புக் கேட்டு முடித்தால், அவமானம் மட்டும் கூடத்தில் அப்படியே கிடக்கும். மாமியார் மனதில் அந்த வாக்கியம் மகன் போட்ட முத்திரையாகத் தங்கிவிடும். சாயங்காலம் காபி குடிக்கும்போது, "அம்மா, நேத்து அவ அப்பாவைப் பத்தி நான் பேசினது ரொம்பத் தப்பு" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். மகள் கேட்டிருந்தால் அவளிடமும் சொல்ல வேண்டும்.

மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிப் போவது, "அம்மாகிட்ட சாப்பாடு ஆச்சான்னு கேளு" என்று குழந்தையைத் தூது விடுவது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு வைப்பது எல்லாம் நம் ஊர் வழக்கங்கள். சின்னப் பிணக்குக்குப் பூ போதும். இந்த அளவு சொல்லுக்குப் போதாது. ஸ்டேட்டஸ் எதற்குமே போதாது, அது ஊருக்குச் சண்டையை அறிவிப்பது.

செய்தியாக அனுப்புவதில் ஒரு நன்மை உண்டு. நேரில் கேட்டால் அவள் உடனே முகத்தில் எதையாவது காட்டியாக வேண்டும். செய்தியை அவள் வேண்டிய நேரத்தில், தனியாக, இரண்டு முறை படிக்கலாம். ஆனால் செய்தி முன்னோட்டம்தான். அன்று ராத்திரி அவள் பேச ஆரம்பித்தால் அவன் சொன்னபடி குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அப்போது பழைய குறைகள் நாலைந்து சேர்ந்தே வரும். அங்கே "அதான் மெசேஜ்ல எழுதினேனே" என்றால் எல்லாம் வீண். நீல டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால் மறுபடி மறுபடி 'படிச்சியா?' என்று கேட்காதீர்கள். அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம். அழித்த செய்தியின் இடத்தில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு நிற்கும், அதில் என்ன இருந்ததோ என்று அவள் நினைப்பது நீங்கள் எழுதியதைவிட மோசமாக இருக்கலாம். பண விஷயத்தை இரண்டு மூன்று நாள் கழித்து, மகள் தூங்கிய பிறகு, தனியாகப் பேசலாம்.

இதெல்லாம் அரிதாக ஒருமுறை வாய் தவறியவர்களுக்கு. மாதாமாதம் அதே குத்தலும் மறுநாள் அதே சாரியும் வந்தால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தச் செய்திக்கு மதிப்பில்லை. அங்கே தேவை குடும்பநல ஆலோசகர். அவமதிப்பு வழக்கமாகிவிட்ட வீடுகள் வேறு கணக்கு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடி உதையை மட்டுமல்ல, இழித்துப் பேசுவதையும் அவமானப்படுத்துவதையும், குறிப்பாகக் குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று சொல்லிக்காட்டுவதையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் எந்த நேரமும் அழைக்கக்கூடிய எண் 181.