டிவி ரிமோட் இல்லாமல் போனால்

ரிமோட் உடைந்தால் போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி வைத்திருப்பவர்களுக்கு கூகுள் டிவி ஆப் இருக்கிறது. போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஆப்பில் ரிமோட் படத்தைத் தொட்டு, பட்டியலில் வரும் டிவியைத் தேர்ந்தெடுத்தால், டிவி திரையில் ஒரு குறியீடு தெரியும். அதைப் போனில் அடித்ததும் போன் ரிமோட்டாகிவிடும். பட்டியலில் டிவியின் பெயரே வரவில்லையென்றால், போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் காத்திருக்கிறது.

ரிமோட் தொலைந்த வீட்டில் இணைய இணைப்பும் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது மோடம், புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட். டிவியோ பழைய வைஃபையையே தேடிக்கொண்டிருக்கும். டிவியைப் புது வைஃபையில் சேர்க்க ரிமோட் வேண்டும். ஆப்பை ரிமோட்டாக்க டிவி வைஃபையில் இருக்க வேண்டும். இந்த முடிச்சில்தான் பலர் புது ரிமோட் வாங்கக் கடைக்குப் போகிறார்கள்.

வீட்டில் இரண்டு போன் இருந்தால் போதும், முடிச்சை அவிழ்த்துவிடலாம். பழைய வைஃபையின் பெயர் Kumaran_Home என்றால், முதல் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சாக அப்படியே இருக்க வேண்டும். பழைய டிவியானால் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைப்பது நல்லது. சில டிவிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது. டிவியை ஸ்விட்சில் அணைத்துப் போட்டால், பழைய வைஃபை வந்துவிட்டது என்று நம்பித் தானாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டாவது போனையும் அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து ஆப்பைத் திறந்தால் டிவி அகப்படும்.

இனி டிவியின் செட்டிங்ஸுக்குப் போய்ப் புது வைஃபையைத் தேர்ந்தெடுத்து, அதன் பாஸ்வேர்டை அடிக்கலாம். அடித்து முடித்த நொடியில் ஆப் துண்டித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், டிவி ஹாட்ஸ்பாட்டை விட்டுப் போனதற்கு அதுவே அடையாளம். இரண்டாவது போனையும் புது வைஃபைக்கு மாற்றினால் இணைப்பு திரும்பும்.

பழைய பாஸ்வேர்ட் நினைவில்லாதவர்கள் கம்ப்யூட்டர் மவுஸை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகிப் பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டிவிகளில் திரையில் அம்புக்குறி வரும். அதை நகர்த்தியே செட்டிங்ஸ் வரை போய்விடலாம்.

கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு இந்த வழி பொதுவாக உதவாது. சாதாரண பாக்ஸில் வைஃபை இல்லை, அகச்சிவப்பு ஒளியைத்தான் அது புரிந்துகொள்ளும். அந்த ஒளியை அனுப்பும் சிறு விளக்கு ஷவோமி, ரெட்மி போன்கள் பலவற்றின் மேல் விளிம்பில் இருக்கிறது. அது இல்லாத போனில் எந்த ரிமோட் ஆப்பை இறக்கினாலும் பாக்ஸ் அசையாது.